ஆய்வுக்கு உத்தேசித்த நாள்

பதினோரு வருடமாக நான் ஒரே கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மண்டல அலுவலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை. எந்தத் துறை என்பதைச் சொல்லப்போவதில்லை. இதைப் படிக்கிற அரசு ஊழியர்களில் பாதிப்பேர் தங்கள் துறை என்றே நினைத்துக்கொள்வார்கள், அது போதும்.

எங்கள் கீழ் இருந்த ஒவ்வொரு அலுவலகத்தையும் வருடத்துக்கு ஒரு முறை எங்கள் அதிகாரி நேரில் போய் ஆய்வு செய்ய வேண்டும். வந்த தபாலெல்லாம் பதியப்பட்டிருக்கிறதா, பதிந்த மனுக்களுக்குப் பதில் போயிருக்கிறதா, எத்தனை நிலுவை, கட்டடம் எப்படி இருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். போவதற்கு முன்னால் நாள் குறித்துக் கடிதம் போக வேண்டும். அந்தக் கடிதம் என் இருக்கையிலிருந்துதான் போகும்.

'பொருள்: வருடாந்திர அலுவலக ஆய்வு – நாள் உத்தேசித்தல் – தொடர்பாக' என்று தொடங்கும். 'தங்கள் அலுவலகத்தைக் கீழ்க்காணும் நாளன்று முற்பகல் பத்தரை மணிக்கு ஆய்வு செய்ய உத்தேசிக்கப்பட்டுள்ளது. அந்நாள் வசதிப்படுமா என்பதை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும், இணைப்பில் உள்ள வினாப்பட்டியலைப் பூர்த்தி செய்து இரு படிகளில் ஒரு வாரம் முன்னதாக அனுப்பவும், அனைத்துப் பதிவேடுகளையும் நாளது தேதி வரை எழுதி முடித்து ஆய்வுக்கு முன்வைக்கவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' இந்த வாசகத்தை நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்ததைவிட நன்றாகத் திருத்தியிருந்தேன். பிழை இருக்காது. ஒற்று மிகும் இடத்தில் மிகும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. 'நாளது தேதி வரை எழுதி முடித்து' என்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலம் முடிந்த சமயத்தில், அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம் பக்கம் இருக்கும் ஒரு அலுவலகத்துக்கு இப்படிக் கடிதம் போட்டேன். இரண்டு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமையைக் குறித்திருந்தேன். கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் மதியம், சாப்பாட்டு வேளையில் என் கைபேசிக்கு அழைப்பு வந்தது. அந்த அலுவலகத்தின் தட்டச்சர். கணவர் பணியில் இருக்கும்போதே இறந்ததால் கருணை அடிப்படையில் வேலைக்கு வந்தவள். ஒரு பயிற்சி வகுப்பில் மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து எப்போதாவது பேசுவோம்.

"அக்கா, பேசலாமா? பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்றாள்.

"இல்ல, சொல்லு."

"ஆய்வுக்கு நாள் போட்டுருக்கீங்கல்ல. அதத் தள்ளிவெக்கச் சொல்லி எங்க சார் லெட்டர் எழுதச் சொல்லிருக்காரு. நாந்தான் டைப் பண்ணேன். எப்புடியாச்சும் அந்த நாள மாத்தாம இருங்கக்கா."

காரணம் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல என் கையிலிருந்த சோறு அப்படியே நின்றது.

அந்த அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறை என்று ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. உள்ளே தண்ணீர் வராததால் பூட்டினார்கள். பூட்டிய அறை சும்மா கிடப்பானேன் என்று, பதியாத மனுக்களை மூட்டை கட்டி அதற்குள் போட ஆரம்பித்தார்கள். தபாலில் வருகிற மனுவைப் பதிவேட்டில் ஏற்றினால் அதற்கு ஒரு எண் விழும். எண் விழுந்தால் நிலுவைக் கணக்கில் வரும். நிலுவை கூடினால் மாதாந்திரக் கூட்டத்தில் திட்டு விழும். எண்ணே கொடுக்காவிட்டால் அந்த மனு உலகத்தில் இல்லை. இப்படி இல்லாமல் போன மனுக்கள் உரச் சாக்கில் அடைத்து, கழிப்பறைப் பீங்கானின் மேலே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மழையில் மேலே ஒழுகி, எலி குட்டி போட்டு, வாசற்படி வரைக்கும் நாறுகிறதாம். அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் அவசரத்துக்கு ரோட்டைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்குக்குப் போகிறார்கள். அங்கேயும் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

"எனக்கு ரெண்டு தடவ நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டேங்க்கா. அத விடுங்க. நாள் தள்ளிப்போச்சுன்னா அந்த மூட்டயெல்லாம் இருக்காது. நீங்க சொன்ன நாள்லயே வந்து அந்தக் கதவத் தொறக்கச் சொன்னீங்கன்னா போதும்."

எச்சில் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருக்கையில் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் அவர்களுடைய பதில் வந்தது. 'இவ்வலுவலகத்தில் கட்டடப் பராமரிப்புப் பணி நடைபெற்று வருவதாலும், தலைமை எழுத்தர் மருத்துவ விடுப்பில் உள்ளதாலும், ஆய்வினைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைத்து உதவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.' நான் கோப்பில் குறிப்பு எழுதினேன். பராமரிப்புப் பணி பதிவேடுகளைப் பார்ப்பதற்குத் தடையில்லை, தலைமை எழுத்தருக்குப் பதிலாக வேறொருவர் முன்வைக்கலாம், எனவே உத்தேசித்த நாளிலேயே ஆய்வு மேற்கொள்ளலாம் என்று. கோப்பு மாலையில் திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு சொல்: பேசுக.

எங்கள் அதிகாரி கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. யாரையும் பெயர் சொல்லி அதட்டமாட்டார். என் அப்பா படுக்கையில் கிடந்தபோது கேட்காமலேயே விடுப்பு கொடுத்தவர். அறைக்குள் போனபோது சிரித்தபடிதான் உட்காரச் சொன்னார்.

"என்னம்மா, அவங்க மேல ஒனக்கென்ன கோவம்?"

"கோவம்லாம் இல்லிங்க சார். தள்ளிப்போட்டா எல்லாத்தயும் சரி பண்ணிவெச்சுட்டுத்தான் நமக்குக் காமிப்பாங்க."

"சரி பண்ணத்தானம்மா நாம லெட்டரே போடுறோம். நாம என்ன போலீசா, ரெய்டு போறதுக்கு?"

"மனுவெல்லாம் பதியாம கெடக்குன்னு கேள்விப்பட்டேன் சார்."

"யாரு சொன்னா?"

சொன்னால் அன்று மாலையே அவள் பெயர் அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவள் இன்னும் பணிவரன்முறை ஆகி நிரந்தரமாகாதவள். ஒரு கையெழுத்தில் வேலை போய்விடும். பூட்டிய கழிப்பறையைப் பற்றியும் சொல்ல முடியவில்லை. அதை உள்ளே இருக்கும் ஆள்தான் சொல்லியிருக்க முடியும்.

"கேள்விப்பட்டதையெல்லாம் கோப்புல எழுதப்படாது," என்றார் அவர். "பதினெட்டு நாள் கழிச்சு ஒரு திங்கக்கெழம வருது பாரு, அதப் போடு. காலைல சிறுவாச்சூர் போயி அம்மனைக் கும்புட்டுட்டு அப்புடியே கெளம்பிருவோம். நீயே தட்டச்சு அடிச்சு இன்னைக்கே அனுப்பிரு."

நான் அடித்தேன். 'தங்கள் கடிதத்தில் கோரியவாறு பரிசீலித்து, ஆய்வு நாள் பின்வருமாறு மாற்றியமைக்கப்படுகிறது.' என் கையாலேயே அடித்தேன். பிழையில்லாமல் அடித்தேன். தட்டச்சருக்குப் போன் செய்து சொன்னேன். "சரிங்கக்கா, போயிட்டு வரேன்," என்றாள், என் எதிரே நின்று விடைபெறுவதுபோல.

அந்தத் திங்கட்கிழமை ஜீப்பில் மூன்று பேர் போனோம். அதிகாரி, நான், ஓட்டுநர். கோயிலில் கூட்டம். வெயிலில் நானும் ஓட்டுநரும் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றோம். அதிகாரி நெற்றி நிறையக் குங்குமத்துடன் வெளியே வந்து எங்களுக்கும் கொஞ்சம் கொடுத்தார். ஆய்வு பத்தரை மணிக்கு என்று கடிதத்தில் அடித்திருந்தேன். அரியலூர் தாண்டி சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரைக்கு மேல் ஆகிவிட்டது. யாருக்கும் அதில் குறையில்லை.

வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. ஜன்னல் கம்பியில் தெறித்த வெள்ளை இன்னும் காயவில்லை. உள்ளே நுழைந்ததும் பினாயில் நாற்றம் மூக்கில் அடித்தது. அதற்கு மேல் ஊதுபத்தி. அலுவலகத் தலைவர் பூச்செண்டு கொடுத்தார், சால்வை போட்டார். எனக்கும் ஒரு ரோஜாப்பூ நீட்டினார்கள். ஏழெட்டு வினாப்பட்டியல்களை வருடாவருடம் திருத்தியிருக்கிறேன். ஒன்றிலாவது பூச்செண்டைப் பற்றி ஒரு கேள்வி இருந்ததில்லை.

பதிவேடுகளை மேசையில் அடுக்கியிருந்தார்கள். நான்தான் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். தபால் பதிவேட்டைத் திறந்தேன். ஏழு மாதத்துப் பக்கங்கள் ஒரே பேனாவில், ஒரே கையில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தன. பக்கங்களின் ஓரம் மடங்கவில்லை. தினமும் நாலு பேர் தொடுகிற பதிவேட்டில் ஒரு விரல் அழுக்கு இல்லை. புதுப் பதிவேடு வாங்கி, வேண்டியதை மட்டும் எழுதி, மேலட்டையைப் பழைய பதிவேட்டிலிருந்து பிரித்து ஒட்டியிருந்தார்கள். கோந்து உலர்ந்தும் உலராமலும் இருந்தது. அதிகாரியிடம் மெல்லக் காட்டினேன்.

"கையெழுத்து அழகா இருக்கே," என்றார்.

வினாப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கட்டடம் பற்றிய கேள்விகள். பெண் பணியாளர்களுக்குத் தனிக் கழிப்பறை உள்ளதா? 'உள்ளது. நல்ல முறையில் பராமரிக்கப்பட்டு வருகிறது.' அலுவலகத் தலைவர் எங்களை அழைத்துப் போய்க் கதவைத் திறந்து காட்டினார். வெள்ளை ஓடு பளபளத்தது. புது வாளி, புதுக் குவளை. உறையைப் பிரித்த சோப்பு ஒன்று அப்படியே, தண்ணீர் படாமல், நிறுவனத்தின் எழுத்து அழியாமல் இருந்தது. குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது.

"மோட்டார் போட்டா வந்துரும் மேடம்," என்றார் பக்கத்திலிருந்த தலைமை எழுத்தர். மருத்துவ விடுப்பில் இருப்பதாகக் கடிதத்தில் எழுதப்பட்டிருந்த அதே ஆள். ஆரோக்கியமாக இருந்தார்.

தட்டச்சர் தன் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. கண்ணிரண்டும் சிவந்து, இமை வீங்கியிருந்தது. தண்ணீர் கேட்கிற சாக்கில் அருகே போனேன். சொம்பை நீட்டிக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்:

"எரிச்சாச்சுக்கா. ஈரத்துல பத்தல. மூணு நாளு பொகைஞ்சுச்சு. மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்னாங்க. என்னையும் இன்னொரு அக்காவையுந்தான் நின்னு கெளறச் சொன்னாங்க. பொம்பளைங்க கக்கூசுதானேன்னு சொன்னாங்க."

நான் பின்பக்கம் போனேன். கருவேலச் செடிக்குப் பக்கத்தில் ஒரு குழியை மூடி மேலே புதுச் செம்மண் போட்டுப் பரப்பியிருந்தார்கள். அந்த அளவுக்குக் கவனமாக இருந்தவர்கள் செடிக்கடியில் பார்க்கவில்லை. காற்றில் பறந்துபோய்க் கருகின தாள்கள் நாலைந்து முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைக் குனிந்து எடுத்தேன். மனுவின் மேல்மூலை. அதில் ஒட்டிய புகைப்படத்தில் பாதி முகம் மிஞ்சியிருந்தது. ஒரு கண், எண்ணெய் வைத்து வாரிய தலையில் பாதி, ஒரு தோடு. போட்டோ கடைக்காரன் நிமிரச் சொன்னதற்காக நிமிர்ந்து பார்த்த கண். எலி மூத்திர நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் அதில் அப்போதும் இருந்தது. என் கை அதைக் கீழே போட்டுவிட்டது. கைபேசியில் படம் எடுத்திருக்க வேண்டும். தோன்றவில்லை. புடவை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டுதான் நின்றேன், ஏதோ அந்தத் தாள்தான் அசிங்கம் என்பதுபோல.

மதியச் சாப்பாடு பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து வந்தது. நாட்டுக்கோழி, வறுத்த மீன், தயிர் வெங்காயம். அதிகாரி ரசித்துச் சாப்பிட்டார். நான் தயிர்ச்சோறு மட்டும் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தேன். அப்போதுதான் வாசலில் அலுவலக உதவியாளர் யாரையோ விரட்டும் குரல் கேட்டது.

"இன்னைக்குப் பெரிய ஆபீசர் வந்துருக்காங்க. நாளைக்கு வா, போ."

"நேத்து வந்தப்பயும் நாளைக்கு வான்னுதானே சொன்னீங்க."

ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. முந்திரித் தோப்புப் பக்கத்து ஊர். விரல் பத்தும் நகக்கண் வரைக்கும் கறுத்து, தோல் உரிந்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களுக்கு அதன் தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டுக் கை அப்படித்தான் வெந்துபோகும். நான் வெளியே போய் என்னவென்று கேட்டேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த அவருடைய கணவர் இறந்துவிட்டார். கணவரின் பதிவு அட்டையில் மனைவி பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தித் தந்தால்தான் மகளைக் கல்லூரியில் எங்கள் துறைச் சலுகையில் சேர்க்க முடியும். இரண்டு முறை பதிவுத் தபாலில் மனு போட்டிருக்கிறார். மகளுக்கு அந்த வருடமும் இடம் போய்விட்டது, அதற்கு முந்தின வருடமும் போய்விட்டது.

"போடலன்னு சொல்லிருவாங்கன்னு எம்மவ இத பத்திரமா வெச்சுக்கச் சொன்னா," என்று ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினார். உள்ளே இரண்டு ஒப்புகை அட்டைகள். இரண்டிலும் அந்த அலுவலகத்தின் வட்ட முத்திரை, கையெழுத்து, தேதி.

அட்டைகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அந்தத் தேதிகளைத் தபால் பதிவேட்டில் தேடினேன். ஒன்று, புதிதாக எழுதிய ஏழு மாதத்துக்குள் வந்தது. அந்த நாளில் ஆறு தபால் வந்ததாக இருந்தது. இவருடையது இல்லை. இன்னொன்று பழைய பதிவேட்டில் இருக்க வேண்டும். "பழைய பதிவேடு எங்கே?" என்று கேட்டேன். கறையான் அரித்துவிட்டது என்றார்கள்.

அதிகாரி வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் அவர் எதிரே அட்டைகளையும் பதிவேட்டையும் வைத்தேன்.

"சார், இந்த ஆபீஸ் சீல் போட்டு வாங்கின தபால். பதிவுல இல்ல."

அலுவலகத் தலைவர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். தலைமை எழுத்தர் தட்டச்சரைப் பார்த்தார். அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கயோ தவறிருக்கும்யா. அந்தம்மாகிட்ட புதுசா ஒரு மனு வாங்கிக்குங்க, பாவம்," என்றார்.

பாவம் என்ற அந்தச் சொல்லைக் கேட்டபோது வந்த அருவருப்பு பின்பக்கத்துக் குழியைப் பார்த்தபோதுகூட வரவில்லை. அவர் உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் சொன்னார்.

நான் வெளியே போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புது மனு எழுதினேன். இரண்டு ஒப்புகை அட்டைகளின் எண்ணையும் அதில் குறிப்பிட்டேன். அட்டைகளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன். கறுத்த விரலால் அவர் மெல்லக் கையெழுத்துப் போட்டார். தாளில் கறை பட்டுவிடக்கூடாது என்று முந்தானையைச் சுற்றிப் பேனாவைப் பிடித்தார். உள்ளே போய் என் கண்ணெதிரே பதிவேட்டில் ஏற்றச் செய்து, எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். பதினோரு வருட ஆய்வில் என்னால் நடந்த ஒரே காரியம் அது.

திரும்பும்போது ஜீப்பின் பின்சீட்டில் அட்டைப்பெட்டிகள் இருந்தன. முந்திரிப்பருப்பு. எனக்கு வேண்டாம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மகன் தட்டில் வறுத்த முந்திரியை வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறான். நான் வருவதற்குள் ஓட்டுநர் வந்து, "மேடம் மறந்துட்டுப் போயிட்டாங்க," என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தட்டை வாங்கிக் குப்பையில் கொட்டினேன். என்ன ஆச்சு உனக்கு என்று வீட்டுக்காரர் கேட்டார்.

ஆய்வறிக்கையின் வரைவையும் நான்தான் எழுத வேண்டும். பதிவேடு புதிதாக எழுதப்பட்டிருப்பது, ஒப்புகை பெற்ற தபால் பதியப்படாதது, அனுமதியில்லாமல் ஆவணங்கள் எரிக்கப்பட்டதற்கான தடயம் இருந்தது, கழிப்பறையில் தண்ணீர் வராதது, எல்லாவற்றையும் பத்தி பத்தியாக எழுதி வைத்தேன். அரசு அலுவலகத்தில் ஒரு தாளை அழிக்க வேண்டுமென்றால்கூடப் பட்டியல் போட்டு மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதையும் எழுதினேன். கோப்பு திரும்பி வந்தபோது நாலு பத்தியும் பச்சை மையில் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. கடைசியில் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'அலுவலகம் தூய்மையாகவும் நேர்த்தியாகவும் பராமரிக்கப்படுவது பாராட்டத்தக்கது.' அந்த வரைவில் சுருக்கொப்பம் போடமாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்து இருக்கைக்காரரை வைத்துப் புது வரைவு எழுதி அனுப்பிவிட்டார்.

அதன்பிறகு நான் சென்னைக்கு, துறைத் தலைமைக்கு, என் பெயர் போட்டுப் புகார் எழுதினேன். பெயரில்லாத மனுவைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தட்டச்சரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அதிகாரி கூப்பிட்டார். மேசைமேல் சென்னையிலிருந்து வந்த கடிதம் இருந்தது.

"படி," என்றார்.

படித்தேன். புகார் குறித்து அந்த அலுவலகத்தை நேரில் ஆய்வு செய்ய ஒரு விசாரணை அலுவலர் நியமிக்கப்பட்டிருக்கிறார். மூன்று வாரம் தள்ளி ஒரு புதன்கிழமை வர உத்தேசித்திருக்கிறார். அந்நாள் வசதிப்படுமா என்பதைத் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளைத் தயார் நிலையில் வைத்திருக்க வேண்டும். நகல், சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு.

"வசதிப்படும்னு பதில் போட்டுரு," என்றார் அதிகாரி. குரலில் கிண்டல்கூட இல்லை. அது என் இருக்கையின் வேலை. போட்டேன்.

விசாரணை நடந்த நாளில் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வந்தது. குழி இருந்த இடத்தில் செம்பருத்திச் செடி நட்டிருந்தார்கள். தட்டச்சரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "உபயோகமில்லாத குப்பத்தாளத்தான் எரிச்சோம் சார்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வேலையை விட்டால் போக்கிடம் கிடையாது. அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் வெட்கமாகப் போனது. நான் மிச்சம் வைத்திருந்தது ஒப்புகை அட்டைகளின் படம் மட்டும். ஒரு மனுதாரர் சம்பந்தப்பட்ட தனி நிகழ்வு, அவருக்கும் உரிய தீர்வு காணப்பட்டுவிட்டது என்று முடித்தார்கள். அலுவலகத் தலைவருக்கு ஒரு எச்சரிக்கை. உரிய வழியாக அனுப்பாமல் நேரடியாக மேலிடத்துக்கு எழுதியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை, அதற்கு அடுத்த மாதம் ஜெயங்கொண்டத்தில் வேறொரு அலுவலகத்துக்கு மாறுதல்.

கழிப்பறையை மறுபடி பூட்டிவிட்டார்கள் என்று அதற்குப் பிறகு ஒருநாள் தட்டச்சர் குறுஞ்செய்தி அனுப்பினாள். அதைத் தவிர அவள் என்னோடு பேசுவதில்லை.

போன வைகாசியில் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தேன். யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். விரல்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"என்னைத் தெரியுதாம்மா? நீங்கதான எழுதிக் குடுத்தீங்க. போன வருசம் அட்மிசன் முடிஞ்சப்புறம் பேரு திருத்தி வந்துருச்சு. மவ இந்த வருசம் காலேஜிக்கு அப்ளிகேசன் போட்டுருக்கா. கூடப் படிச்சதுங்க மூணாம் வருசம் முடிக்கப்போவுதுங்க. பரவால்ல, எம்பொண்ணு சேந்துருவாள்ல. நீங்க நல்லா இருக்கணும்மா. தெய்வமா வந்தீங்க."

அவர் கும்பிடப் போனார். நான் கையைப் பிடித்து இறக்கினேன். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். சொல்லிவிட்டேன்.

"நீங்க மொதல்ல போட்ட ரெண்டு மனுவும் தொலையலைங்கம்மா. அந்த ஆபீஸ்லயே இருந்துச்சு. நாங்க ஆய்வுக்கு வர்றோம்னு தெரிஞ்சதும் எரிச்சுட்டாங்க. எரிக்கிறதுக்கு நாள் குடுத்து லெட்டர் அடிச்சது நாந்தான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். புரிந்ததா என்று தெரியாமல் மறுபடி சொல்ல வாயெடுத்தேன்.

"அப்ப அன்னைக்கு நான் வாசல்ல நின்னப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் புதுசா எழுதலாம்னீங்களா?"

"ஆமா."

அவர் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். கீழே வைத்திருந்த பையைத் தூக்கி, நாலு ஆள் தள்ளி இருந்த சிமெண்ட் பெஞ்சில் போய் முதுகு காட்டி உட்கார்ந்தார். அத்தனை நாளில் அருவருத்து விலகிப்போய், அந்த விஷயத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. பெரம்பலூர் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.